மதுரைப் பூக்கடைக் கணக்கில் லாஸ்பியரும் பாஷேயும்

விலையேற்றத்தை ஒரே எண்ணால் அளக்கும் லாஸ்பியர், பாஷே என்னும் இரு முறைகளை, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கொள்முதல் செய்யும் ஒரு கடையை வைத்துக் கணக்கிட்டு ஒப்பிடுவோம், எண்கள் கற்பனையானவை. அடிப்படை மாதத்தில் கிலோ 400 ரூபாய்க்கு 5 கிலோ மல்லிகையும், 100 ரூபாய்க்கு 20 கிலோ சம்பங்கியும் வாங்கியதில் செலவு 4,000 ரூபாய். பனிக்காலத்தில் மல்லிகை 1,200, சம்பங்கி 150 என விலை ஏற, கடைக்காரர் மல்லிகையை 2 கிலோவாகக் குறைத்துச் சம்பங்கியை 30 கிலோவாகக் கூட்டுகிறார். செலவு 6,900 ரூபாய்.

லாஸ்பியர் முறை பழைய அளவுகளையே எடையாக, அதாவது ஒவ்வொரு விலைக்கும் தரும் முக்கியத்துவமாகக் கொள்வதால், அதே சரக்குக்கு இன்று 9,000 ரூபாய் ஆகும், அடிப்படை மாதத்தை 100 எனக் கொண்டால் குறியீட்டெண் 225. பாஷே முறை இன்றைய அளவுகளை எடுக்கிறது: அவற்றின் பழைய விலை மதிப்பு 3,800, ஆகவே 6,900-ஐ அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 181.6. மல்லிகையிலிருந்து சம்பங்கிக்கு மாறியதை முதல் முறை காண்பதேயில்லை. இடைவெளிக்குக் காரணம் அதுதான்.

பணமதிப்பில் செலவு 72.5 சதவீதம் கூடியிருக்கிறது. இன்றைய செலவான 6,900-ஐ பாஷே எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால், விலையேற்றம் நீக்கிய உண்மை மதிப்பு 3,800, அதாவது 5 சதவீதச் சரிவு. லாஸ்பியரால் வகுத்தாலோ சுமார் 3,067, அதாவது 23 சதவீதச் சரிவு. கொள்முதலின் மெய்யளவை அறிய பாஷேயே பொருத்தம் என்பேன், ஏனெனில் 3,800 என்பது இன்றைய பூக்களின் பழைய விலை மதிப்பேதான். ஆனால் அதற்கு ஒவ்வொரு மாதமும் புதிய அளவுகள் வேண்டும். நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் நிலையான எடைகளைக் கொண்டிருப்பதும் இத்தொல்லையால்தான்.