விடுபட்ட 3 மில்லிமீட்டரை எங்கிருந்து எடுப்பது?

பக்கம் முழுக்கப் படம் வைத்த ஏ5 துண்டறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வடிவமைத்தவர் அதைக் கச்சிதமாக 148 × 210 மில்லிமீட்டருக்குக் கிராப் செய்து அனுப்பிவிட்டார். "ப்ளீட் எங்கே?" என்று அச்சகத்திலிருந்து கேள்வி வருகிறது. தாள்களை அடுக்காக வைத்துத்தான் வெட்டுவார்கள். கத்தி இறங்கும்போது தாள் இம்மி நகர்ந்தாலும், வெட்டுக்கோட்டோடு நின்றுவிட்ட படத்தின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அதனால்தான் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் படம் கேட்கிறார்கள். ஆக, கோப்பு 154 × 216 ஆக வேண்டும். இந்தக் கூடுதலைப் பெற மூன்று வழிகள் உண்டு.

எல்லோரும் முதலில் கை வைப்பது, முழு வடிவமைப்பையும் பெரிதாக்கும் வழியில். நான் கடைசியாக வைப்பதும் அதையே. 148 அகலம் 154 ஆக வேண்டுமானால் சுமார் 4 சதவீதம் பெரிதாக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து வெளிப்பக்கம் நகர்கிறது. இடது ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி இருந்த தொலைபேசி எண், இப்போது வெட்டுக்கோட்டிலிருந்து 2.2 மி.மீ. தூரத்தில் நிற்கும். தலைப்பின் கதி இன்னும் மோசம். உயரத்துக்கு 3 சதவீதம்கூடத் தேவையில்லை. அகலத்துக்காக அதுவும் 4 சதவீதம் வளர்வதால், மேல் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே இருந்த தலைப்பு வெட்டுக்கோட்டுக்கு 1 மி.மீ. அருகில் வந்துவிடும். கத்தி கொஞ்சம் பிசகினால் எழுத்தின் தலை போயிற்று. எழுத்து தனி லேயராக இருந்து, பின்னணிப் படத்தை மட்டும் பெரிதாக்க முடிந்தால் இந்தக் குறை எதுவும் இல்லை.

எல்லாம் ஒன்றாகிப்போன ஜேபெக் மட்டுமே கையில் இருந்தால், ஓரத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுவது மேல். கேன்வாஸை 154 × 216 ஆக்கி, இடது ஓரத்தில் 3 மி.மீ. அகலப் பட்டையை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி வெளியே பொருத்த வேண்டும். வலது பக்கமும் அப்படியே. பிறகு மேலும் கீழும் செய்யும்போது, புதிய அகலம் முழுவதையும் சேர்த்துப் பட்டை எடுத்தால் மூலைகள் தாமாக நிரம்பிவிடும். வானம், இலைகள், ஒரே நிறப் பின்னணி என்றால் ஒட்டியது தெரியாது. சாய்வாக ஓரத்தைத் தொடும் கம்பியோ சாலைக்கோடோ இருந்தால் அந்த இடத்தில் முறிந்து திரும்பும். அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்: வெட்டு விலகினால்தான் இந்தப் பட்டை கண்ணில் படும், அப்போதும் ஒரு கீற்றளவே. எழுத்து இருந்த இடத்தைவிட்டு அசையாது என்பதே இதன் பெரிய பலம்.

மூன்றாவது வழி, கிராப் செய்வதற்கு முந்தைய மூலப் படத்துக்குத் திரும்புவது. படம் கிடைக்குமானால் மற்ற இரண்டும் தேவையே இல்லை. இன்டிசைனில் கிராப் என்பது சட்டகத்தால் மறைப்பதுதான். ஆவணத்தில் 3 மி.மீ. ப்ளீட் அமைத்து, சட்டகத்தின் விளிம்பை அந்தக் கோடு வரை இழுத்தால் மறைந்திருந்த பகுதி வெளிவரும். போட்டோஷாப்பில் கிராப் செய்யும்போது Delete Cropped Pixels தேர்வை எடுத்துவிட்டிருந்தால் அங்கும் மீட்கலாம். ஆள் நிற்பது சட்டகத்தின் ஓரத்திலேயே என்று மூலப் படமே அங்கே முடிந்திருந்தால் மட்டும் இது கை கொடுக்காது.

இனி வெட்டுக்குறிகள். குறி போட்டுவிட்டால் ப்ளீட் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுவதோடு குறியின் வேலை முடிந்தது. வெளியே படம் இல்லாவிட்டால் அது வெற்றுத்தாளைத்தான் காட்டும். கையால் கோடு வரைவதா, பிடிஎஃப் ஏற்றுமதியில் சேர்ப்பதா என்று கேட்டால் இரண்டாவதுதான். ஏற்றுமதியில் குறியோடு, வெட்டிய பின் மிஞ்சும் அளவு எது என்ற தகவலும் TrimBox என்ற பெயரில் கோப்புக்குள் பதிகிறது; கையால் வரைந்த கோட்டை மென்பொருள் படத்தின் பகுதியாகவே பார்க்கும்.

ஆனால் இன்டிசைனில் ஒரு சிக்கல் உண்டு. குறிக்கும் வெட்டுக்கோட்டுக்கும் இடையிலான Offset இயல்பாக 2.117 மி.மீ. என்றே இருக்கும். ப்ளீட் 3 மி.மீ. என்றால் குறியின் நுனி படத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை 3 ஆக்கி, Use Document Bleed Settings தேர்வையும் போட வேண்டும். இந்தத் தேர்வு விடுபட்டால், ஆவணத்தில் இருக்கும் ப்ளீட் பிடிஎஃபில் வராமலே போகலாம். அனுப்பும் முன் கோப்பைத் திறந்து மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: படம் குறிகள் சுட்டும் கோட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும், குறிகள் படத்துக்குள் நீளக் கூடாது.