1917 என்று தகடு போட்ட காம்பஸ்: வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய பித்தளைக் கருவிகள் விற்கும் ஒருவர் என்னிடம் ஒரு கப்பல் காம்பஸை முதல் உலகப் போர்க் காலத்தது என்று சொல்லி விற்றார். மரப்பெட்டியின் மூடியில் பித்தளைத் தகடு; அதில் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’.

அந்தத் தகடே பொய். கெல்வின் நிறுவனமும் ஹென்றி ஹியூஸ் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயரில் இயங்கத் தொடங்கியது 1947இல்தான். முப்பது வருடம் முன்பே அந்தப் பெயரை யார் பொறித்திருக்க முடியும்? இதே பெயரும் ஆண்டும் போட்ட போலிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அசல் நிறுவனத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

விற்றவரிடம் கேட்டேன். “தகடு யாரோ பிற்பாடு மாட்டினது சார், கருவி அசல் பழசு” என்றார். சரி, அப்படியும் நடப்பதுண்டு. அதனால் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பழைய தகடு இருந்து மாற்றியிருந்தால் அதன் ஆணித் துளையோ, வெளிச்சம் படாத மரத்தின் வேறு நிறமோ அடியில் தெரிய வேண்டும். இரண்டும் இல்லை. சுற்றிலும் இருந்த அதே சாயம் தகட்டுக்கு அடியிலும் ஒரே சீராக ஓடியது.

அப்புறம் பாகைக் கோடுகள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கருவியால் வெட்டிய கோடு அடியில் கூர்மையாக இறங்கும், ஓரம் துல்லியமாக நிற்கும். இதில் கோடுகள் தட்டையான அடியோடு, ஓரம் மழுங்கி, ஆழமே இல்லாமல் இருந்தன. அமிலத்தில் அரித்தெடுத்த வேலை அது.

பூச்சும் காட்டிக்கொடுத்தது. அந்தக் காலத்தில் பித்தளையைச் சூடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசுவார்கள். கை படும் விளிம்பில் அது தேய்ந்து பித்தளை பழுப்பேறும். இடுக்குகளில் பொன்னிறமாகத் தங்கிவிடும். இதிலோ விளிம்பு, இடுக்கு, திருகாணித் தலையின் அடிப்பக்கம் எல்லாம் ஒரே கருப்பு. ரசாயனத்தில் முக்கி எடுத்த ‘பழமை’. கண்ணில் படாத அடிப்பாகத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்தேன். அரக்காக இருந்தால் பிசுபிசுத்துப் பஞ்சில் ஏறியிருக்கும். எதுவும் வரவில்லை. இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அசல் கருவிக்கும் யாராவது பின்னாளில் வேறு பூச்சு அடித்திருக்கலாம். அசல் பூச்சு என்றால் ஸ்பிரிட் அதைக் கெடுத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படங்களோடு எல்லாவற்றையும் அனுப்பினேன். பாதிப் பணம் தருவதாகச் சொன்னவர், முழுப் பணம் கேட்டதும் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார். இப்போது அதே எழுத்து வடிவில், அதே கருப்புச் சாயத்தில் ஒரு நில அளவைக் கருவியும் ஒரு மைக்ராஸ்கோப்பும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். கேட்கப் போகிறவர்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் அளவுக்கோடுகளின் நெருக்கப் படத்தையும், தகட்டைக் கழற்றிய பின் அடிப்புறத்தின் படத்தையும் முதலில் வாங்கிப் பாருங்கள்.