மாரிகால ஓட்டம்: வீதியா, ட்ரெட்மில்லா?

ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை திருகோணமலையில் ஓடுகிறவர்களுக்கு இரண்டே வழி. நனைந்துகொண்டு வீதியில் ஓடலாம், இல்லாவிட்டால் ஜிம்முக்குப் போய் ட்ரெட்மில்லில் ஏறலாம். போர்த்திக்கொண்டு படுப்பது மூன்றாவது வழி, அதைப்பற்றி எழுத எதுவுமில்லை. இரண்டையும் ஓடிப் பார்த்தபின் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதத்துக்கும் நான் ஜிம் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லமாட்டேன்.

வீதிக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெறும் தூறலுக்காக யாரும் ட்ரெட்மில் ஏறவேண்டியதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது காலை ஏழு மணிக்கே வாய் உலர்ந்துபோகிற ஊர் இது. அதோடு பார்த்தால், உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் தூறலில் ஓடுவதுதான் வருடத்திலேயே நல்ல ஓட்டம். வீதியை விடவேண்டியது மூன்று நேரங்களில்: இடி கேட்டால், வாடைக்காற்று ஆளைத் தள்ளினால், வெள்ளம் வீதியோரத்தை மறைத்தால். மூன்றாவதுதான் அடிக்கடி நடக்கும். வடிகானின் மேல் கொங்கிறீற் மூடி இருக்கிறதா இல்லையா என்று தண்ணீருக்கு மேலே நின்று யாராலும் சொல்லமுடியாது. கார்த்திகையில் அந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் கிழமைக்கணக்கில் ஓட்டம் நின்றுபோகும். நான் ஜிம்முக்குப் போனதற்கு அதுவே போதுமான காரணம்.

ட்ரெட்மில்லில் சலிப்பு, கண்ணாடியில் நம் முகம், பக்கத்து மெஷின்காரரின் பாட்டு எல்லாம் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப்பட்டது ஒன்றுதான். திரையில் 10 என்று தெரிகிறது. அந்த 10 உள்துறைமுக வீதியிலும் 10 தானா? அது தெரியாமல் இரண்டு மாதம் ஓடினால் தையில் வீதிக்குத் திரும்பும்போது எந்த வேகத்தில் தொடங்குவது என்றே தெரியாது.

இந்தக் கேள்விக்கு எல்லா ஜிம்மிலும் ஒரே பதில்தான். எங்கள் பயிற்சியாளர் தம்பியும் அதையேதான் சொன்னார்: "ஏற்றத்த ஒண்டில போடுங்கோ அண்ணா, அப்பதான் ரோட்டு மாதிரி." இந்த ஒரு சதவீதக் கணக்கு 1996இல் அன்ட்ரூ ஜோன்ஸ், ஜொனதன் டவுஸ்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. வீதியில் ஓடும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறோம். ட்ரெட்மில்லில் நின்ற இடத்தில் ஓடுவதால் அந்தச் செலவு இல்லை. அதை ஈடுகட்ட எவ்வளவு ஏற்றம் வேண்டும் என்று, பயிற்சி பெற்ற ஒன்பது ஓட்டக்காரர்களின் ஒட்சிசன் செலவை அளந்து பார்த்தார்கள். பொதுவாகப் பொருந்திய விடை 1%.

ஆனால் அதே ஆய்வில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. அவர்கள் சோதித்த வேகங்களில் மிகக் குறைந்த இரண்டில், அதாவது மணிக்கு 10.5, 12 கிலோமீற்றரில், வீதி ஓட்டத்துக்கும் 0% ட்ரெட்மில்லுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 12 கிலோமீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம். காலையில் கடற்கரை வீதியில் நான் காண்கிற பெரும்பாலானோர் அதைவிட மெதுவாகத்தான் ஓடுகிறார்கள், நானும் அப்படித்தான். எங்கள் வேகத்தில் காற்றின் தடை அவ்வளவு சின்னது. எனவே 1% போட்டால் குற்றமில்லை, போடாவிட்டாலும் நட்டமில்லை. ஐந்து நிமிடத்துக்குள் கிலோமீற்றரை முடிக்கிறவர்கள் போடட்டும். அந்த வேகத்தில் எனக்கு அனுபவமில்லை, ஆய்வு சொல்வதை மட்டுமே சொல்கிறேன்.

அப்படியானால் திரையில் தெரியும் எண்ணை எது கெடுக்கிறது? முதலாவது, மெஷினே. திரை காட்டுவது, பெல்ட் இந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று மெஷின் வைத்திருக்கிற கணக்கு. உங்கள் பாரம் அதன்மேல் விழும்போது பெல்ட் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பது வேறு விடயம். இதை அளப்பதற்கு ஒரு அளவுநாடாவும் போனும் போதும்.

மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் வெள்ளை டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பெல்ட்டைக் கையால் தள்ளித் தள்ளி, அந்தத் துண்டு திரும்ப அதே இடத்துக்கு வரும்வரை நீளத்தைத் துண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள். நான் போகிற ஜிம்மில் ஓரத்து மெஷினுக்கு 2.86 மீற்றர் வந்தது. பிறகு பிளக்கைப் போட்டு, திரையில் 10 வைத்து, ஓரத்தை வீடியோ எடுத்து, டேப் 50 தடவை சுற்றிவர எத்தனை செக்கன் என்று எண்ணவேண்டும். ஒருதரம் வெறும் பெல்ட்டோடு, இன்னொருதரம் ஆள் ஓடும்போது. 50 சுற்று என்றால் 143 மீற்றர். வெறும் பெல்ட் அதை 51 செக்கனில் சுற்றியது: மணிக்குக் கிட்டத்தட்ட 10.1 கிலோமீற்றர், திரை சொன்னது சரி. ஆள் ஏறியதும் 54 செக்கன் ஆனது: 9.5 தான். ஆறு நிமிடக் கிலோமீற்றர் என்று திரை சொல்ல, கால் ஓடியது ஆறு நிமிடம் பதினெட்டு செக்கனுக்கு. பத்துக் கிலோமீற்றரில் மூன்று நிமிட வித்தியாசம். ஒரு சதவீத ஏற்றத்தைப் பற்றி விவாதிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதேயில்லை.

இரண்டு தரமும் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் பெல்ட்டே மெதுவாக ஓடினால் மெஷினின் வேகக்கணக்கு பிழை. ஆள் ஏறும்போது மட்டும் குறைந்தால், பெல்ட் உருளையில் வழுக்குகிறது, அல்லது அடியில் சிலிக்கன் எண்ணெய் வற்றிப் பலகையில் உரசுகிறது, அல்லது மோட்டாருக்கு வலு காணாது. கால் பதியும் ஒவ்வொரு தடவையும் பெல்ட் ஒரு கணம் தயங்குவதுபோல் தெரிவதும் இதன் அடையாளம். அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பின்பக்கத் திருகாணிகளை இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் முறுக்கியபின் 54 செக்கன் 52 ஆனது, அதாவது 9.9. அதற்குமேல் எதிர்பார்க்கத் தேவையில்லை. கைக்கடிகாரத்தில் வேகம் பார்க்கலாமே என்று கேட்பார்கள். உள்ளே ஓடும்போது அது கை வீசுவதை வைத்து ஊகிக்கிறது. ஓட்டம் முடிந்து மெஷின் சொன்ன தூரத்தை அதில் பதிந்து திருத்தினால், மெஷினின் பிழையைக் கடிகாரத்துக்கும் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள்.

இரண்டாவது காரணம் வெப்பம். மணிக்கு 10 கிலோமீற்றரில் வீதியில் ஓடுகிறவருக்கு, காற்றே இல்லாத நாளிலும் அதே 10 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடிக்கும். ட்ரெட்மில்லில் அது இல்லை. மழைக்காலத்து ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் அப்படியே சொட்டும், சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வேகத்தை மாற்றாமலேயே இருபது நிமிடத்துக்குப் பிறகு இதயத்துடிப்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றை முன்னால், நெஞ்சுக்கு நேரே வைத்து ஓடிப் பாருங்கள். அந்த ஏற்றம் அடங்கினால் சந்தேகம் தீர்ந்தது.

இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதுதான் வில்லங்கம். மெதுவான பெல்ட் ஓட்டத்தை இலகுவாக்கும், புழுக்கம் அதைக் கடினமாக்கும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டால் "ரோட்டு மாதிரியே இருக்கு" என்று சொல்லத் தோன்றும். ஃபேனை வைத்துப் புழுக்கத்தை விலக்கிவிட்டு, பெல்ட்டை எண்ணி உண்மை வேகத்தை எழுதிக்கொண்டால்தான் மிஞ்சுகிற கணக்கை நம்பலாம்.

வீட்டில் வாங்கி வைப்பதைப்பற்றியும் கேட்கிறார்கள். என்னிடம் வீட்டு மெஷின் இல்லை, அயலவர் ஒருவருடையதில் ஓடிப் பார்த்த அளவுதான். மடக்குகிற சின்ன மெஷின்களில் ஏற்றம் பெரும்பாலும் காலை மாற்றிச் செருகுகிற மூன்று படி. அந்த 1, 2, 3 சதவீதம் அல்ல, படியின் இலக்கம். அவர் அதை விறாந்தையில், கடல் பக்கம் பார்த்து வைத்திருந்தார். எங்கள் விறாந்தைகளில் மழைத்தண்ணீர் வெளியே வடிய நிலம் வாட்டமாகப் போட்டிருக்கும். மட்டப்பலகை ஒன்றைப் பெல்ட்டின்மேல் நீளவாக்கில் வைத்துப் பார்த்தோம். ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்பக்கம் பதிவு. அதாவது பூச்சியத்தில் வைத்தால் அவர் ஓடுவது ஒரு சதவீத இறக்கத்தில். சுவர் பக்கம் திருப்பிவைத்ததும் அது ஒரு சதவீத ஏற்றமாகிவிட்டது. ஜிம் மெஷினிலும் இதே அளவை எடுக்கலாம்: ஒரு மீற்றர் நீளத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர் உயர்கிறதோ, ஏற்றம் அத்தனை சதவீதம்.

ஏற்றத்தின் உண்மையான பயன், உவர்மலைக்கோ கோணேசர் கோவில் ஏற்றத்துக்கோ தயாராகிறவர்களுக்குத்தான். ஓட்டத்தின் ஒட்சிசன் செலவைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படுகிற அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரப்படி, ஒவ்வொரு சதவீத ஏற்றமும் வேகத்தை நாலரை சதவீதம் கூட்டியதற்குச் சமம். 9 கிலோமீற்றர் வேகத்தில் 4% வைத்தால் உழைப்பு சமதரையில் 10.6 ஓடுவதற்கு நிகர். இது கைப்பிடியைத் தொடாதவரைக்கும்தான். பிடித்துத் தொங்கிக்கொண்டு 10% ஏறுகிறவர்களின் கணக்கை எந்தச் சூத்திரமும் சொல்லாது. நாற்பது நிமிடமும் ஏற்றத்திலேயே ஓடினால் கெண்டைக்காலும் குதிநரம்பும் மறுநாள் முறையிடும். இரண்டு மூன்று நிமிடம் ஏறி, அதேயளவு சமதரையில் ஓடுவது எனக்கு ஒத்துவருகிறது.

வீதியிடம் ட்ரெட்மில் தோற்கிற இடம் இறக்கம். ஜிம் மெஷின்களில் பெரும்பாலானவை பூச்சியத்துக்குக் கீழே போகாது. இறங்கும்போது உடம்பைத் தடுத்து நிறுத்துகிற முன்தொடைத் தசைக்கு இரண்டு மாதமாக வேலையே கிடைப்பதில்லை. தையில் மழை விட்டதும் கோட்டைக்குள்ளால் கோவில்வரை ஏறுவது இலகுவாக இருக்கும், அந்தத் துணிவில் கீழே பாய்ந்து இறங்கினால் அடுத்த நாள் படியிறங்க முடியாது. முதல் இரண்டு கிழமை நான் ஓடி ஏறி, நடந்துதான் இறங்குகிறேன்.