மண்ணோடா, கோகோபீட்டிலா, வெறும் வேரா? கூரியரில் செடி அனுப்பும் மூன்று வழிகள்

ஆன்லைனில் செடி விற்க இறங்குகிறவர்கள் எந்தக் கூரியர் நல்லது என்று விசாரிப்பதிலேயே பாதி நாளை ஓட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது, வேரைச் சுற்றி என்ன இருக்கவேண்டும் என்பது. நர்சரிப் பையில் இருக்கிற மண்ணோடு அப்படியே அனுப்பலாம். மண்ணை எடுத்துவிட்டுக் கோகோபீட்டுக்கு மாற்றி அனுப்பலாம். வேரைக் கழுவி வெறும் வேராகவும் அனுப்பலாம். பெட்டி எவ்வளவு பெரிது, கூரியருக்கு எவ்வளவு, வழியில் எத்தனை நாள் தாங்கும் எல்லாம் இதைப் பொறுத்துத்தான். ஒரு ஒட்டு ரோஜாவை வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம். அதிகம் கேட்கப்படுவதும் அதுதான், அதிகம் புகார் வருவதும் அதுதான்.

முதலில் பெட்டி. கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து (சில கம்பெனிகளில் இந்த எண் மாறும்) வருகிற எண்ணையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். அதுவும் அரைக் கிலோ அரைக் கிலோவாக மேல்நோக்கிப் போகும். மண்பையோடு இருக்கும் ரோஜாவுக்கு 45×15×15 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 10,125-ஐ 5000-ஆல் வகுத்தால் 2.03. தராசில் 1.8 கிலோதான் காட்டினாலும் பில் இரண்டரைக் கிலோவுக்கு வரும். அதே செடியைக் கவாத்து செய்து, கோகோபீட்டுக்கு மாற்றினால் 35×12×12 போதும். கணக்குப் போட்டால் 1.008. வெறும் எட்டு கிராமுக்காக ஒன்றரைக் கிலோ ஸ்லாபுக்குத் தள்ளிவிடுவார்கள்! நீளத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்து 34 ஆக்கினால் 0.98, ஒரு கிலோ ஸ்லாபிலேயே நிற்கும். செடிக்குப் பெட்டி தேடாமல், ஸ்லாபுக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு மூன்று அளவில் பெட்டி அடித்து வைத்துக்கொண்டு அதற்கேற்பச் செடியை வெட்டுவதுதான் சரி. வெறும் வேர் என்றால் 30×10×8, அதாவது 0.48. அரைக் கிலோவில் முடிந்துவிடும்.

சரி, செலவைப் பார்ப்போம். இது கணக்குக்காக நான் வைக்கிற தொகை, உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோவுக்கு 45 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 30. செடி 60 ரூபாய். மண்பைச் செடிக்குப் பெட்டி, டேப் 35, கூரியர் 165, மொத்தம் 260. கோகோபீட் செடிக்கு மாற்று வேலை 15, பேக்கிங் 30, கூரியர் 75, மொத்தம் 180. வெறும் வேருக்குப் பேக்கிங் 20, கூரியர் 45, மொத்தம் 125. இதில் மண்பை நூற்றுக்கு 5, கோகோபீட் 8, வெறும் வேர் 25 சாகிறது, செத்ததற்கெல்லாம் இலவசமாகத் திரும்ப அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். உயிரோடு போய்ச்சேரும் ஒரு செடிக்கு ஆகும் செலவு முறையே 274, 196, 167 ரூபாய். நாலில் ஒன்று செத்தும் வெறும் வேர்தான் மலிவு! காகிதத்தில் அப்படித்தான் வரும். ஆனால் செத்த செடியைப் படம் எடுத்து ஒற்றை ஸ்டாரோடு போடுகிற நாலாவது ஆள் இந்தக் கணக்கில் இல்லை. அவரால் வராமல் போகும் அடுத்த ஆர்டர்களையும் சேர்த்தால் ரோஜாவுக்கு நான் வெறும் வேரைச் சொல்லவே மாட்டேன்.

குளிர்நாடுகளில் வெறும் வேர் ரோஜாவைத்தானே அனுப்புகிறார்கள் என்று கேட்பார்கள். அங்கே குளிர்காலத்தில் ரோஜா இலை உதிர்த்து உறங்குகிற நேரத்தில் பிடுங்கி அனுப்புகிறார்கள். நம் சமவெளியில் ரோஜாவுக்கு அந்த உறக்கமே கிடையாது. இலையும் தளிருமாக இருக்கிற செடியின் வேரை உரித்தால் இலை தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. வெறும் வேர் நன்றாக ஓடுவது வேறு சில செடிகளில். ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் பதியன் போட்ட மல்லிகை நாற்றைக் கட்டுக் கட்டாக மண்ணில்லாமல்தான் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். அடீனியம் இன்னும் சுலபம். வேரை உதறி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, ஈரமே இல்லாமல் செய்தித்தாளில் சுற்றினால் ஒரு வாரம் பத்து நாள் பெட்டியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கற்றாழை வகைகளும் அப்படியே. கறிவேப்பிலை, பப்பாளி, மா ஒட்டு மாதிரி வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்கிற செடிகளை, கூரியர் காசு போனாலும் மண்ணோடு அனுப்புங்கள், இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆக ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, வீட்டுக்குள் வைக்கிற இலைச்செடிகள், இவற்றுக்கு என் ஓட்டு கோகோபீட்டுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்றிய அன்றே அனுப்பக்கூடாது. ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து வரும் செடிகளில் வேரைச் சுற்றி இறுகிய களிமண் இருப்பது சகஜம். அதைக் கையால் உடைத்தால் மெல்லிய வேரெல்லாம் மண்ணோடு போய்விடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்துத் தானாகக் கரையவிட்டு, உப்பு போகக் கழுவிய கோகோபீட்டில் வலைப்பையோடு நட்டு, நிழல்வலைக்குக் கீழே இரண்டு மூன்று வாரம் வைக்கவேண்டும். வலைக்கு வெளியே வெள்ளை வேர் எட்டிப்பார்க்கிறதா, புதுத் தளிர் வந்து கொஞ்சம் முற்றியிருக்கிறதா என்று பார்த்துத்தான் விற்பனைக்கு எடுக்கவேண்டும். அந்த இடமும் பொறுமையும் இல்லாதவர்களுக்கு மண்பையே மேல்.

பேக்கிங்கில் பெரும்பாலான சாவு தண்ணீரால்தான். பயணம் போகிறதே என்று கிளம்புகிற அன்று நிறைய ஊற்றுவார்கள். முந்தின நாள் ஊற்றி வடியவிடுங்கள். கோகோபீட்டைக் கையில் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது. இலை முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும். பூ, மொட்டு, பழுத்த இலை எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் வாடும் பூவும் அடிபட்ட இலையும் எத்திலீன் வாயுவை விடும், அது மற்ற இலைகளையும் பழுக்கவைத்து உதிர்க்கும். வாங்குகிறவருக்குப் பூவோடு வந்தால் சந்தோஷம்தான், ஆனால் பூவோடு கிளம்புகிற செடி பூவோடு போய்ச்சேராது. அப்புறம் வேர்ப்பகுதியை ஸ்ட்ரெட்ச் ஃபிலிமால் தண்டின் அடிவரை இறுக்கிச் சுற்றி, தண்டை ஒரு மூங்கில் குச்சியோடு இரண்டு இடத்தில் கட்டி, அந்த வேர்க்கட்டியைப் பெட்டியின் அடியோடு டேப் போட்டு நிறுத்தவேண்டும். இலைப்பகுதிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், செய்தித்தாள் போதும். பெட்டியின் மேல் பாதியில் ஏழெட்டு ஓட்டை. மேல்பக்கம் இது என்று அம்புக்குறி போடுவதில் தப்பில்லை, ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. டேப் ஒட்டிய பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து நாலு உலுக்கு உலுக்குங்கள். உள்ளே எதுவும் நகர்கிற சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

இனி கூரியர். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற உள்ளூர் கூரியர்கள்தான் வேகம், பல ஊர்களுக்கு மறுநாளே போய்விடும், கவுன்டரில் நிற்கிறவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளவும் முடியும். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிற ஆன்லைன் சேவைகளில் ஸ்கேன் தகவல் தெளிவாக இருக்கும், இந்தியா முழுக்கப் போகும், ஆனால் மலிவான தரைவழியைத் தேர்ந்தெடுத்தால் வடக்கே போய்ச்சேர ஒரு வாரம் ஆகலாம். கூரியர் கிளையே இல்லாத கிராமத்துக்கு ஸ்பீட் போஸ்ட். பத்திருபது செடி ஒரே ஊருக்குப் போகிறது என்றால் பஸ் பார்சல்தான் லாபம், வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும். எதில் போட்டாலும் திங்கள், செவ்வாயில் போடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்த பார்சல் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு ஹப்பில் கிடக்கும். இழப்பீடு வரும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். பெட்டி தொலைந்தால் ஏதாவது கிடைக்கலாம், செடி செத்தால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது, அழுகும் பொருள் என்று விதியிலேயே விலக்கி வைத்திருப்பார்கள்.

செத்துவிட்டது என்று படம் வந்தால் உடனே ரீஃபண்டோ சண்டையோ வேண்டாம், படத்தைப் பாருங்கள். இலை மஞ்சளாகி உதிர்ந்து, தண்டை நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிந்தால், இருட்டும் எத்திலீனும் செய்த வேலை அது. நிழலில் வைத்தால் பெரும்பாலும் துளிர்க்கும், இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். வேர்க்கட்டி ஈரமாக இருக்க இலை மட்டும் மொறுமொறுவென்று கருகியிருந்தால் வெயிலில் நின்ற வண்டி. அடித்தண்டு கறுத்து நாற்றம் அடித்தால் உங்கள் தண்ணீர். முதல் இரண்டு வகையும் ஒரே வாரத்தில் பல ஊர்களிலிருந்து வந்தால் பருவம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

பருவம் என்றால் ஏப்ரல், மே. அக்னி நட்சத்திரத்தில் மூடிய வண்டிக்குள் கிடக்கும் பெட்டிக்கு எந்தப் பேக்கிங்கும் பாதுகாப்பு இல்லை, அந்த இரண்டு மாதம் அடீனியம், கற்றாழை தவிர மற்றவற்றை மறுநாள் போய்ச்சேரும் ஊர்களுக்கு மட்டும் திறந்துவைப்பது உத்தமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. செடிக்கு நல்ல காலம், அட்டைப்பெட்டிக்குக் கெட்ட காலம். மடிப்புகளில் டேப்பை இரட்டையாக ஒட்டுங்கள், முழுப் பெட்டியையும் பிளாஸ்டிக்கில் மூடினால் உள்ளே வெந்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் கூரியர்கள் துணிமணிப் பார்சலில் மூச்சுத்திணறிக்கொண்டிருப்பார்கள், அப்போது எதையும் அனுப்பவேண்டாம். தை, மாசி நம் ஊரில் அருமை, ஆனால் டிசம்பர், ஜனவரியில் டெல்லி பக்கம் போகும் செடி குளிரிலேயே போய்விடும்.

இந்த வெற்று மாதங்களை நிரப்பத்தான் விதை. கவரில் போகும், வழியில் சாகாது, ஆடிப்பட்டத்துக்கு முன்னால் கேட்டு வாங்குவார்கள். ஆனால் புகார் பத்து நாள் தள்ளி வரும், 'முளைக்கவில்லை' என்று. விதைச் சான்று விதிகளில் மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறனே 60 சதவீதம்தான், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. பத்து விதை போட்டு ஆறு வந்தால் அது ஏமாற்று இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரியாது, பாக்கெட்டில் அச்சடித்துவிடுங்கள். வெங்காய விதையைப் போன வருடச் சரக்கு என்றால் தொடவே வேண்டாம். விதை விற்க வேளாண் துறையின் விற்பனை உரிமம் தேவை என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தோட்டக் கிட் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பார்க்க அழகு, பரிசாகப் போகும், ஆனால் கோகோபீட் கட்டியும் தொட்டியும் பெட்டியைப் பெரிதாக்கிவிடும். உள்ளே இருக்கிற விதை காலாவதியானால் முழுக் கிட்டும் காலாவதி. தனித்தனியாக விற்றால் செடிக்கும் விதைக்கும் ஜிஎஸ்டி இல்லை, ஒரே விலையில் சேர்த்துக் கட்டினால் உள்ளே இருப்பதில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும் வரக்கூடும். கிட்தான் விற்பேன் என்றால் விதையைக் கடைசியாக, ஆர்டர் வந்தபிறகு போடுங்கள்.