ஒரே இடமாற்றம், மூன்று விதமான கோரிக்கை

வாகனக் கடன் தரும் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் இருக்கிறேன். கிளை மாற்றம் கேட்டு வருவதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். போன பிப்ரவரியில் ஓசூர் கிளையில் கடன் கோப்புகளைச் சரிபார்க்கும் ஒரு தம்பி தன் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். மேலாளர் அதை அப்படியே எனக்கு அனுப்பிவைத்தார். தம்பியின் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

“அண்ணே, எப்படியாச்சும் மதுரைக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக் குடுங்க. அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். அம்மாவால தனியா சமாளிக்க முடியல. இங்க ரூம் வாடகையும் ஏத்திட்டாங்க. குளிரும் ஒத்துக்கல. எந்த வேலை குடுத்தாலும் செய்யுறேன். இல்லன்னா வேற கம்பெனிதான் பாக்கணும் அண்ணே.”

‘முறைப்படி எழுதிக் கொடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்தது இது:

“உயர்திரு ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். எனது தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னை மதுரைக் கிளைக்கு உடனடியாக இடமாற்றம் செய்து தருமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் மேல். அதில் ஓர் உண்மை இருக்கிறது: வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், உடன் இருப்பது அம்மா ஒருவர். இரண்டாவதில் பணிவு கூடியிருக்கிறது, செய்தி போய்விட்டது. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதி வரும் கடிதங்களில் கல்யாணமும் இருக்கும், வீட்டுக் கடனும் இருக்கும், மேலாளரோடு மனத்தாங்கலும் இருக்கும். எதற்கு முன்னுரிமை தருவது என்று அதை வைத்து என்னால் சொல்ல முடியாது.

ஆனால் வாட்ஸ்அப் செய்தியையும் மேலே அனுப்ப முடியாது. அப்பாவின் சிகிச்சையோடு வாடகையும் குளிரும் சேர்ந்ததும் கனமான காரணம் லேசாகிவிடுகிறது. படிப்பவர் கண் பதில் சொல்ல எளிதான காரணத்தில்தான் நிற்கும். ‘வாடகைதானே, வேறு ரூம் பார்க்கட்டும்’ என்று முடித்துவிடுவார்கள். ‘எந்த வேலை குடுத்தாலும்’ என்பது அதைவிட ஆபத்து. மதுரையில் கீழ்ப்படிநிலையில் ஓர் இடம் காலியிருந்தால், இவரே ஒப்புக்கொண்டார் என்று அதில் போட்டுவிடலாம். சம்பளப் படிநிலை இறங்கும், பிறகு ஏறுவது கஷ்டம். ‘வேற கம்பெனி’ என்ற வரியைப் பார்த்தால் மதுரை மேலாளர் முதலில் கேட்பது ‘ஆள் நிலைப்பாரா?’ என்பதுதான்.

அன்று சாயங்காலம் தம்பியைப் போனில் கூப்பிட்டேன். இரண்டு வடிவத்திலும் பதில் இல்லாத ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. டயாலிசிஸ் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். மதுரைக்கே வந்தாலும் கிளை திறப்பது காலை ஒன்பதரைக்கு. வாரம் மூன்று நாள் வேலை நேரத்தில் அப்பாவோடு உட்கார முடியாதே, பிறகு இடமாற்றம் எதற்கு?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அக்கா, வீடு மாடியில. ஆறு மணிக்கு மிஷின்ல போடணும்னா அஞ்சே காலுக்கு அப்பாவை இறக்கணும். பதினேழு படி. அம்மா முன்னால நின்னு தோள் குடுக்குறாங்க, ரெண்டு தடவை சேர்ந்தே சறுக்கிட்டாங்க. திரும்பி வர்றப்ப மாமா ஏத்தி விடுவார். காலையில அவர் பால் வண்டிக்குப் போயிடுறார்.”

அந்தப் பதினேழு படிதான் கோரிக்கை. அவருக்கு வேண்டியது அலுவலக நேரம் இல்லை, விடியற்காலை. மூன்றாவது வடிவத்தை அதைச் சுற்றித்தான் எழுதினோம்:

“பெறுநர்: மனிதவளத் துறை. வழி: கிளை மேலாளர், ஓசூர்.

பொருள்: மதுரைக் கிளைக்கு நிரந்தர இடமாற்றம் கோருதல்.

ஓசூர் கிளையில் 3 ஆண்டு 4 மாதமாகக் கடன் கோப்புச் சரிபார்ப்பு அலுவலராகப் பணிபுரிகிறேன். மதுரையில் வசிக்கும் என் தந்தைக்குக் கடந்த செப்டம்பர் முதல் திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணிக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மாடி வீட்டிலிருந்து அவரை இறக்கி அழைத்துச் செல்ல என் தாயைத் தவிர யாரும் இல்லை. நான் ஒரே பிள்ளை. செப்டம்பர் முதல் நான் எடுத்த 14 நாள் விடுப்பில் 11 நாள் இதற்கானது. மதுரையில் இருந்தால் அவரைச் சிகிச்சையில் சேர்த்துவிட்டு 9.30-க்குக் கிளைக்கு வர முடியும். பணி நேரத்தில் சலுகை கோரவில்லை.

மதுரையில் இதே பதவி, இதே படிநிலை காலியிருப்பதாக உள் அறிவிப்பில் கண்டேன். என்னிடமுள்ள 62 கோப்புகளில் 50-ஐ மார்ச் 31-க்குள் முடித்து, மீதி 12-ஐப் பட்டியலோடு ஒப்படைப்பேன். ஏப்ரல் 10 அன்று விடுவிக்க வேண்டுகிறேன். இது என் சொந்தக் கோரிக்கை என்பதால் இடமாற்றப் படி கேட்கவில்லை. சிகிச்சை மையம் தந்த நேர அட்டவணைக் கடிதம் இணைப்பில்.”

இதில் கெஞ்சல் இல்லை. ஒவ்வொரு வரியையும் நான் சரிபார்க்க முடியும்: பணிக்காலம், விடுப்பு, காலியிடம் மூன்றும் எங்கள் பதிவேட்டிலேயே இருக்கின்றன. இணைப்பாக ஒரே தாள் போதும் என்றேன். மொத்த மருத்துவக் கோப்பையும் வைத்தால், கோரிக்கையைத் தொடும் ஒவ்வொருவர் கையிலும் அப்பாவின் நோய் விவரம் போய்ச் சேரும்.

நாங்கள் ரொம்ப நேரம் பேசியது நிரந்தரமா, 6 மாதத் தற்காலிகமா என்பதைத்தான். தற்காலிகம் என்று கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று தம்பி நினைத்தார். எங்கள் நிறுவனத்தில் அப்படிப் போகிறவரின் சம்பளம் பழைய கிளைக் கணக்கிலேயே இருக்கும். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்க முடியாது. அதனால் ஓசூர் மேலாளர்தான் முதலில் மறுப்பார். நிரந்தரம் என்றால் இடம் காலியாகும், புது ஆளைக் கேட்கலாம். சிறுநீரகம் செயலிழந்த நிலையில் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தாதவரை, பெரும்பாலும் தொடர்ந்து நடப்பது. ஆறு மாதத்தில் அதே படியில் அதே கஷ்டம் வந்து நிற்கும். ‘நிரந்தரம் இல்லையென்றால் தற்காலிகமாவது’ என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்கவும் வேண்டாம் என்றேன். சின்னதைக் கொடுத்து முடிக்கிற வழி கண்ணில் பட்டால் பெரியதை யாரும் பரிசீலிக்க மாட்டார்கள். அதைப் பேச்சு வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

தேதி விஷயத்தில் தம்பிக்கு மனசில்லை. ‘உடனடியாக’ என்று போடத்தான் ஆசை. அங்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மா அந்தப் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கும் அது வலித்தது. ஆனால் மார்ச் முடிவதற்குள் கடன் நிறுவனத்தில் எந்தக் கிளையும் கோப்பு பார்க்கிற ஆளை விடாது. ‘உடனடியாக’ என்று கேட்டிருந்தால் ‘ஆண்டுக் கணக்கு முடிந்தபின் பார்க்கலாம்’ என்று தேதியில்லாமல் திரும்பி வந்திருக்கும். ஏப்ரல் 10 என்று அவரே எழுதியதால், மேலாளர் அதன் கீழே ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்த ஐந்து வாரத்துக்கும் மாமாவின் பால் வண்டி முதலாளியிடம் பேசி, திங்கள், புதன், வெள்ளி மட்டும் அரை மணி நேரம் தாமதமாக வண்டி எடுக்க அனுமதி வாங்கிவிட்டார் தம்பி.