ஏழாண்டு கழித்து ஒரு கோடி: ஒற்றைப் பத்திரமா, பார்பெல்லா?

ஒரு கல்வி அறக்கட்டளை சரியாக ஏழு ஆண்டுகள் கழித்து 1 கோடி ரூபாய் கட்ட வேண்டியிருந்தபோது, அந்தப் பணத்தை அரசுப் பத்திரங்களில் எப்படி வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு எங்கள் நிதிக் குழுவிடம் வந்தது. பணத்தைக் குறுகிய, நீண்ட பத்திரங்களாகப் பிரித்து வைக்கும் பார்பெல் முறைக்குப் பதிலாக நாங்கள் தேர்ந்தெடுத்தது அந்தத் தேதிக்குச் சற்றுப் பின் முதிரும் ஒற்றைப் பத்திரம். கீழே உள்ள கணக்குகளை எளிமைக்காக எல்லா முதிர்வுகளுக்கும் 7% வட்டி, ஆண்டுக்கு ஒரு கூப்பன், அதாவது வட்டித் தவணை, என்று வைத்தே போட்டிருக்கிறேன்; நம் அரசுப் பத்திரங்கள் பெரும்பாலும் அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தருவதால் உண்மை எண்கள் சற்று மாறும்.

7 ஆண்டில் முதிரும் கூப்பனற்ற பத்திரம் கிடைத்தால் விவாதமே தேவையில்லை. இன்று 62.28 லட்சத்துக்கு வாங்கினால் குறித்த நாளில் 1 கோடி வந்து சேரும், இடையில் மறுமுதலீடு எதுவும் கிடையாது. இந்தியாவில் 2010 முதல் ஸ்டிரிப்ஸ் என்ற பெயரில் இவை உண்டு. ஆனால் நமக்கு வேண்டிய தேதியில், வேண்டிய அளவில், நியாயமான விலையில் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது.

எனவே கூப்பன் பத்திரங்களின் டியூரேஷனை, அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பால் எடையிட்ட சராசரிக் காலத்தை, 7 ஆண்டுக்குப் பொருத்த வேண்டும். 7% கூப்பன் தரும் ஒன்பதாண்டுப் பத்திரத்தின் டியூரேஷன் 6.97. அதே 62.28 லட்சத்தை இதில் போட்டதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 6 சதவீதமாக இறங்கினால், ஏழாண்டில் சேரும் கூப்பன் பணம் 1.13 லட்சம் குறையும். ஆனால் அப்போது இரண்டாண்டு ஆயுள் மீதமிருக்கும் பத்திரம் 1.14 லட்சம் கூடுதலாக விலைபோகும். வட்டி 8 சதவீதமாக ஏறினால் இதுவே தலைகீழாக நடக்கும், அப்போதும் 1 கோடிக்குக் குறையாது.

பார்பெல் முறையில் சுமார் 40 சதவீதத்தை மூன்றாண்டுப் பத்திரத்திலும் மீதியைப் பதினைந்தாண்டுப் பத்திரத்திலும் வைத்து அதே டியூரேஷனை எட்டலாம். எல்லா வட்டிகளும் ஒரே அளவில் நகர்ந்தால் இது ஒற்றைப் பத்திரத்தைவிடச் சற்று அதிகம் மிச்சம் தரும். வட்டிகள் அப்படி ஒன்றாக நகரும் என்பதுதான் டியூரேஷனைப் பொருத்துவது பற்றி 1952இல் பிரிட்டிஷ் காப்பீட்டுக் கணிதர் ரெடிங்டன் வகுத்த கோட்பாட்டின் அடிப்படை அனுமானம். குறுங்கால வட்டி 6 சதவீதமாக இறங்கி, நெடுங்கால வட்டி 8 சதவீதமாக ஏறினால் பார்பெல் இருபுறமும் அடிவாங்கும்: மறுமுதலீட்டு வருவாயும் குறையும், நீண்ட பத்திரத்தின் விற்பனை விலையும் குறையும். என் கணக்கில் கையில் நிற்பது சுமார் 95.6 லட்சம். ஒற்றைப் பத்திரத்துக்கு அப்போது மீதமிருப்பது இரண்டாண்டே என்பதால் அது குறுங்கால வட்டியிலேயே விலைபெறும். 1 கோடியை எட்டிவிடும். பார்பெல்லை நான் நடைமுறையில் நடத்தியதில்லை, இது கணக்கில் மட்டுமே பார்த்தது; ஆனால் வரவுகள் கடன் தேதியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றனவோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடும் என்பது தெளிவு.

எனினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஓராண்டு கழிந்தால் கடனின் தூரம் 6 ஆண்டாகிவிடும். பத்திரத்தின் டியூரேஷனோ 6.39க்குத்தான் இறங்கியிருக்கும். வந்த கூப்பனுக்கு அதே பத்திரத்தை மேலும் வாங்கினால் இந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும். பலர் செய்வது இதைத்தான், பார்வைக்கு ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் அந்தக் கணமே பொருத்தம் கெட்டுப்போகிறது. மாறாக, கூப்பனாக வந்த அந்த 4.36 லட்சத்தைக் கையிருப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அதன் டியூரேஷன் 0 என்பதால் மொத்தத் தொகுப்பின் டியூரேஷன் 5.97 ஆகிறது. அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களான 91 நாள் கருவூல உண்டியல்களில் போட்டு வைத்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. எனவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எதையும் விற்காமல், கூப்பன்களை உண்டியல்களில் சுழற்றிக்கொண்டிருந்தாலே போதுமானது.

அதற்குப் பின் அது போதாது. கருவூல உண்டியல்களின் டியூரேஷன் 0க்குக் கீழே இறங்க முடியாது என்பதால், தொகுப்பு மெல்ல மெல்லக் கடனைவிட நீண்டுவிடும். வட்டி மாறாதிருந்தால் நான்காம் ஆண்டு இறுதியில் ஒற்றைப் பத்திரத் தொகுப்பு 3.35இல் நிற்கும், பார்பெல் 3.70இல் நிற்கும், கடனின் தூரமோ 3. விலகல் ஏறத்தாழ இரட்டிப்பு என்பதால் பார்பெல்லில் விற்க வேண்டிய தேவையும் தரகும் கூடும்.

ஒற்றைப் பத்திரத்தில் இந்தத் திருத்தம் எளிது: அந்த ஆண்டு சுமார் 6.5 லட்சம் பெறுமான பத்திரத்தை விற்று உண்டியல்களில் போட்டால் தொகுப்பு மீண்டும் 3க்கு வந்துவிடும். அதற்கடுத்த ஆண்டுகளில் விற்க வேண்டிய அளவு கூடிக்கொண்டே போகும். அதனால் வாங்கும்போதே, சந்தையில் நன்றாகக் கைமாறும் பத்திரமாகப் பார்த்து வாங்குவது, ஓரிரு அடிப்படைப் புள்ளி, அதாவது 0.01 அல்லது 0.02 சதவீதம், கூடுதல் வட்டி தரும் ஆனால் விலைபோகாத பத்திரத்தை வாங்குவதைவிட மேல். அத்துடன் ஆண்டுக்கு ஒருமுறை கூப்பன் நாளில் மட்டும் பார்த்தால் போதாது; வட்டி அரை சதவீதத்துக்கு மேல் நகர்ந்த நாளிலும் டியூரேஷனை மறுபடி கணக்கிடுவது என்று எங்கள் குழு தீர்மானித்திருக்கிறது.