ஆப் காட்டும் ‘பச்சை நாள்’ எப்போது பொய்யாகிறது: வெப்பநிலை மோதிரம், வாட்ச் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

விரலில் போடும் வெப்பநிலை மோதிரத்தையும் அதனுடன் வந்த ஆப்பையும் நம்பி ஆணுறையை நிறுத்திய ஒரு பெண்ணின் ஒரு மாதக் கணக்கு இது. சுழற்சியின் 15ஆம் நாள் காலையில் ஆப் பச்சை காட்டியது. ஓவுலேஷன், அதாவது கருமுட்டை வெளியாவது, முடிந்துவிட்டது, இனி அடுத்த பீரியட்ஸ் வரை கரு தங்காது என்பது அதன் பொருள். அன்றும் மறுநாளும் கணவனும் மனைவியும் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தார்கள். கருமுட்டை உண்மையில் வெளியானது 18ஆம் நாளை ஒட்டித்தான். பீரியட்ஸ் வரவில்லை, கரு தங்கிவிட்டது.

அதன்பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். ஆப்பைத் திறந்து பார்த்தால், ஓவுலேஷன் 18ஆம் நாள் என்று வரைபடம் மாறியிருக்கிறது. 15ஆம் நாளில் பச்சை காட்டிய சுவடே இல்லை. புகார் செய்ததற்கு வந்த பதில்: ‘இது பொது ஆரோக்கியத்துக்கான கருவி, கருத்தடைக்கு அல்ல; நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளிலேயே இருக்கிறது.’

இப்படி ஆவதற்குக் காரணம் சென்சார் பழுதானதல்ல. சென்சார் அளந்த எண்கள் எல்லாமே சரி. அந்த எண்களுக்கு ஆப் கொடுத்த அர்த்தம்தான் தவறு. எங்கே தவறியது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் ஆப் எப்போது தவறும் என்பதையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அடிப்படை. கருமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது உடலின் ஓய்வுநிலை வெப்பத்தைச் சுமார் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயர்த்தி, அடுத்த பீரியட்ஸ் வரை அப்படியே வைத்திருக்கிறது. ஆகவே வெப்பநிலை சொல்வது நடந்து முடிந்த செய்தியை மட்டும்தான். ஓவுலேஷன் வரப்போகிறது என்று அது ஒருபோதும் சொல்லாது. விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும். கருமுட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். அதனால் கரு தங்கக்கூடிய நாட்கள் ஓவுலேஷனுக்கு முந்தைய 5 நாளும் அந்த நாளும் சேர்த்து 6. இந்த ஆறில் பெரும்பகுதி வெப்பநிலை ஏறுவதற்கு முன்பே கடந்துவிடுகிறது.

சரி, ஏறியது என்று எப்படி முடிவு செய்வது? வாயில் தெர்மாமீட்டர் வைத்துக் கையால் வரைபடம் போடுபவர்கள் பின்பற்றும் பழைய விதி ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று நாள் வெப்பநிலை, அதற்கு முந்தைய ஆறு நாட்களில் எதையும்விட அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் அளவு அந்த ஆறில் மிக உயர்ந்ததைவிடக் குறைந்தது 0.2 டிகிரி கூடியிருக்க வேண்டும். ஆப்களும் இதே எண்ணத்தைத்தான் தங்கள் கணக்கில் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன.

மேலே சொன்ன பெண்ணின் எண்களை இந்த விதியில் போட்டுப் பார்ப்போம். மோதிரம் நேரடி வெப்பநிலையைக் காட்டாது. வழக்கமான நிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை மட்டும் காட்டும்.

6ஆம் நாள் முதல் 11ஆம் நாள் வரை: −0.12, −0.08, −0.15, −0.10, −0.06, −0.11.
12, 13, 14ஆம் நாட்கள்: +0.05, +0.09, +0.16.

முந்தைய ஆறில் மிக உயர்ந்தது −0.06. அதனுடன் 0.2 கூட்டினால் +0.14. மூன்றாம் நாள் +0.16 அதைத் தாண்டிவிட்டது. விதிப்படி எல்லாம் சரி, ஆப் பச்சை காட்டியது. ஆனால் அந்த மூன்று இரவும் அவருக்குச் சளி பிடித்திருந்தது. தடித்த போர்வை போர்த்தித் தூங்கினார். விரலிலும் மணிக்கட்டிலும் அளப்பது தோலின் வெப்பம். உடலுக்குள் இருக்கும் வெப்பம் மாறாவிட்டாலும் போர்வை, அறையின் சூடு, கையைப் போர்வைக்கு வெளியே வைத்திருந்தது, இதெல்லாம் தோலின் எண்ணை மாற்றும். சளியோ காய்ச்சலோ இருந்தால் உள்வெப்பமே ஏறும். இரண்டும் சேர்ந்து புரொஜெஸ்டிரோன் இல்லாமலே ஒரு பொய் ஏற்றத்தை உண்டாக்கிவிட்டன.

அடுத்த நாட்களைப் பாருங்கள். 15ஆம் நாள் +0.02. 16ஆம் நாள் −0.09, 17ஆம் நாள் −0.07, 18ஆம் நாள் −0.05. அதன்பின் 19, 20, 21ஆம் நாட்கள் +0.13, +0.18, +0.22. புரொஜெஸ்டிரோனால் ஏறிய வெப்பம் இரண்டே நாளில் இறங்கிப் பழைய நிலைக்கு வந்து அங்கேயே நிற்காது. 16ஆம் நாள் காலை −0.09 வந்தபோதே பச்சையை ஆப் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. ஒருமுறை ‘உறுதி’ என்று முத்திரை குத்தியதை உடனே மாற்றாமல், அடுத்த ஏற்றம் முழுதாகத் தெரிந்த பிறகே சத்தமில்லாமல் தேதியை நகர்த்தியது.

கையால் போடுபவர் இங்கே என்ன செய்திருப்பார்? சளி இருந்த 12, 13, 14ஆம் நாட்களையும் அதன் தாக்கம் முழுதாகத் தணியாத 15ஆம் நாளையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். மீதியில் 9, 10, 11, 16, 17, 18 ஆகிய ஆறு நாட்களை அடிநிலையாக எடுத்தால் மிக உயர்ந்தது −0.05. தேவையான எல்லை +0.15. 21ஆம் நாளின் +0.22 அதைத் தாண்டுகிறது. ஆக அந்த மாதத்தின் பாதுகாப்பான காலம் 21ஆம் நாள் மாலையில்தான் தொடங்கியது. ஆப் சொன்னதற்கும் இதற்கும் ஆறு நாள் வித்தியாசம். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 0.2 விதி காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்கும் முன், வாயில் எடுத்த வெப்பநிலைக்காக வந்தது. தோல் அளவுக்கு அதை அப்படியே பொருத்துவது அரைகுறை வேலை. இங்கே தவறு எப்படி நடந்தது என்று காட்டவே அதைப் பயன்படுத்தினோம். தோல் எண்களை வைத்து நீங்களே கருத்தடைக் கணக்குப் போட வேண்டாம்.

இந்தப் பொய் ஏற்றத்தைப் பிடிக்க இரண்டாவது சாட்சி ஒன்று போதுமானதாக இருந்திருக்கும். ஓவுலேஷன் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் தெளிந்து, வழுக்கி, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். முடிந்ததும் கெட்டியாகும் அல்லது வறண்டுவிடும். அந்தப் பெண்ணுக்கு 15ஆம் நாளிலும் வழவழப்பு நீடித்தது. வெப்பநிலை ‘முடிந்தது’ என்கிறது, வெள்ளைப்படுதல் ‘இனிமேல்தான்’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத நாளைப் பாதுகாப்பான நாளாக எண்ணக் கூடாது. இந்த இரட்டைச் சாட்சி முறையைப் பயிற்சியோடு கற்றவர்களிடம் ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. 900 பெண்கள் பங்கேற்ற அதில், ஓராண்டில் 100 பேருக்குச் சுமார் 1.8 திட்டமிடாத கர்ப்பங்கள். அந்த எண் முறையைப் பயிற்சியோடு கற்றுக்கொண்டு பயன்படுத்தியவர்களுடையது. மோதிரத்தை மாட்டிக்கொண்டு நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பொருந்தாது.

விளம்பரத்தில் வரும் சதவீதங்களை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ‘0.1 டிகிரி துல்லியம்’ என்றால் சென்சார் துல்லியமாக அளக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் ஓவுலேஷனைச் சரியாகச் சொல்லும் என்பதல்ல. கருத்தடைக்கு முக்கியமான எண் ஒன்றே ஒன்று: ஓராண்டு வழக்கமாகப் பயன்படுத்திய 100 பேரில் எத்தனை பேருக்குக் கரு தங்கியது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் முதன்முதலாகக் கருத்தடைக்கு அனுமதித்த ஆப் நேச்சுரல் சைக்கிள்ஸ். அதற்கே எஃப்டிஏ சொன்ன எண், சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 1.8 சதவீதம், வழக்கமான பயன்பாட்டில் 6.5 சதவீதம். அதாவது 100 பேரில் ஆறேழு பேர். அதே ஆண்டு பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ‘மிகத் துல்லியமான கருத்தடை’ என்ற அதன் விளம்பர வாசகத்தைத் தடை செய்தது. அனுமதி பெற்ற ஆப்பின் நிலையே இது. அனுமதியே இல்லாத ஆப் எந்த எண்ணையும் காட்டக் கடமைப்பட்டதல்ல. ஆப்பிள் வாட்சின் ஓவுலேஷன் மதிப்பீட்டைக் கருத்தடைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. இப்படி வெளிப்படையாகச் சொல்வது நல்லது. மற்றவர்கள் இதே வாக்கியத்தை விதிமுறைகளின் அடியில் புதைத்துவிட்டு, முகப்பில் பச்சை வட்டம் போடுகிறார்கள்.

வாங்கும் முன், அல்லது ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றே, விதிமுறைகளில் ‘கருத்தடை’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ‘அல்ல’ என்ற சொல் பக்கத்தில் இருந்தால் விஷயம் முடிந்தது. பிறகு ஆப்பில் மூன்றைச் சோதியுங்கள். ஒவ்வொரு இரவின் எண்ணையும் தனியாகப் பார்க்கவும் பதிவிறக்கவும் முடிகிறதா, அல்லது மழுங்கடித்த வளைகோடு மட்டும்தானா? காய்ச்சல், இரவு வேலை, மது, தூக்கமில்லாத இரவு ஆகியவற்றைக் குறித்தால் அந்த எண் கணக்கிலிருந்து விலகுகிறதா, அல்லது குறிப்பாக மட்டும் நிற்கிறதா? மோதிரம் போடாத இரவை ஆப் காலியாக விடுகிறதா, இல்லை தானே நிரப்பிக்கொள்கிறதா? தினமும் காலையில் திரையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேதி மாறினால் புகார் செய்ய அதுதான் ஆதாரம்.

சுழற்சியின் முதல் நாட்களில் வரும் பச்சை இன்னும் ஆபத்தானது. அப்போது வெப்பநிலை எதையும் சொல்லியிருக்காது. பழைய மாதங்களின் சராசரியை வைத்து ஆப் ஊகிக்கிறது. 28 நாள் சுழற்சிக்காரருக்கு ஒரு மாதம் ஓவுலேஷன் 11ஆம் நாளே வந்துவிட்டால், 7ஆம் நாள் சேர்ந்ததும் கருவுக்கு வழி. பிரசவத்துக்குப் பின், தாய்ப்பால் கொடுக்கும்போது, பிசிஓஎஸ் இருந்தால், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது, கருத்தடை மாத்திரையை நிறுத்திய முதல் மாதங்களில் இந்த ஊகத்துக்கு அடிப்படையே கிடையாது.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம் தலைகீழாக வருகிறது. ‘ஓவுலேஷன் உறுதி’ என்ற அறிவிப்புக்காகக் காத்திருந்து அன்றிரவு சேர்கிறார்கள். மூன்று நாள் ஏற்றத்துக்குப் பிறகுதான் அந்த அறிவிப்பு வரும். கருமுட்டை அதற்குள் அழிந்திருக்கும். மாதக்கணக்கில் இப்படித் தவறவிட்டுத் தங்களுக்குக் குறை இருக்கிறது என்று கலங்குகிறவர்கள் உண்டு. இவர்களுக்கு வேண்டியது முன்கூட்டிச் சொல்லும் அடையாளம்: வழவழப்பான வெள்ளைப்படுதல், அல்லது சிறுநீரில் எல்எச் ஹார்மோனைப் பார்க்கும் ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் ஓவுலேஷன். வழவழப்பு தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். வெப்பநிலையை அந்த மாதம் ஓவுலேஷன் நடந்ததா என்று பின்னர் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். 35 வயதுக்குக் கீழ் ஓராண்டு, 35 அல்லது அதற்கு மேல் ஆறு மாதம் முயன்றும் ஆகவில்லை என்றால் ஆப்பை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பச்சையை நம்பிச் சேர்ந்த பிறகு அளவு கீழே இறங்கியதைக் கவனித்தீர்கள் என்றால் ஆப் என்ன சொல்கிறது என்று காத்திருக்க வேண்டாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிபிரிஸ்டல் என்றால் 120 மணி நேரம் வரை. காப்பர்-டி ஐந்து நாளுக்குள் போட்டால் இவை இரண்டையும்விட நம்பகமானது. மாத்திரை எடுத்த மாதத்தில் ஓவுலேஷன் தள்ளிப்போகக்கூடும். அதனால் அந்தச் சுழற்சி முடியும் வரை எந்தப் பச்சையையும் கணக்கில் எடுக்காமல் ஆணுறை பயன்படுத்துங்கள். பீரியட்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், கடைசியாகப் பாதுகாப்பின்றிச் சேர்ந்து 21 நாள் ஆனதும் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.